பேனலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க: கோவையில் ஒரு கம்ப்ரஸர் வீடியோ ஸ்கிரிப்ட், நிகழ்வு ஆய்வு

கோவையில் ஸ்க்ரூ ஏர் கம்ப்ரஸர் விற்கும் ஒரு டீலருக்கு நான் எழுதிக் கொடுத்த வீடியோ ஸ்கிரிப்ட்டைப் பற்றியது இது. அவர் விற்க நினைத்தது 30 எச்.பி. மெஷின், அதாவது 22 கிலோவாட். மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் வைத்த மாடல். வாங்கக் கூடியவர்கள் குறிச்சி சிட்கோ, கணபதி, அரசூர் பக்கம் பன்னிரண்டு, பதினைந்து சி.என்.சி. மெஷின் போட்டு ஜாப் ஆர்டர் எடுக்கும் ஓனர்கள்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வீடியோ இருந்தது. மூன்று நிமிடம் இருபது விநாடி. டிரோன் ஷாட்டில் ஆரம்பித்து, லோகோ சுழன்று, கம்பெனி எப்போது தொடங்கியது என்று சொல்லி, ஷோரூமில் மெஷின்களை வரிசையாகக் காட்டி, "35 சதவீதம் வரை மின்சாரம் மிச்சம்" என்று முடியும். படப்பிடிப்பில் குறை சொல்ல முடியாது. அந்த வீடியோவைப் பார்த்து வந்த வாட்ஸ்அப் செய்திகளை அவர் என்னிடம் காட்டினார். பாதிக்கு மேல் "ரேட் என்ன?" என்ற ஒரே கேள்வி. பஞ்சர் கடைக்கு 2 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரஸர் கேட்டவர்கள் இருந்தார்கள், வேலை கேட்டு பயோடேட்டா அனுப்பியவர்கள் இருந்தார்கள். ரேட் கேட்டவர்களுக்கு சேல்ஸ் பையன் ஒவ்வொருவராகப் போன் போட்டால், "சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன் தம்பி" என்று வைத்துவிடுகிறார்கள். என்கொயரி வராமல் இல்லை. வந்ததில் யார் வாங்கும் நிலையில் இருக்கிறார், யார் இல்லை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை, அதுதான் அவருடைய சிக்கல்.

எழுத உட்காரும் முன் அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஷெட்டில் ஒரு காலைப் பொழுது இருக்க அனுமதி கேட்டேன். எட்டு மணிக்கு ஓனர் உள்ளே வந்தார். இரவு ஷிப்டில் ரிஜெக்ட் ஆன பீஸ்களைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் ஒரு லேத்தில் இன்சர்ட் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்று ஆப்பரேட்டரிடம் பேசினார். நடுவில் போன் ஏழெட்டு முறை அடித்தது. டீ வந்தபோது வாட்ஸ்அப்பைத் திறந்து, யாரோ அனுப்பிய ஒரு மெஷின் வீடியோவைத் தட்டினார். மெஷின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. நாலைந்து விநாடி பார்த்துவிட்டு அதை எலக்ட்ரீஷியனுக்கு ஃபார்வர்டு செய்து, "இது என்னன்னு பாருப்பா" என்று ஒரு வாய்ஸ் நோட் போட்டார். அவ்வளவுதான்.

என் வேலையை முடிவு செய்தது அந்த ஐந்து விநாடிகள்தான். வீடியோவுக்குப் பார்வையாளர் ஒருவர் இல்லை, இருவர். முதலில் சத்தமில்லாமல் ஐந்து விநாடி பார்க்கும் ஓனர். அப்புறம் அதை முழுசாகக் கேட்டு, ஓனரிடம் போய் "ஆமாங்கண்ணா, நம்மகிட்டயும் இப்படித்தான்" என்றோ, "அதெல்லாம் சும்மாங்கண்ணா" என்றோ சொல்லப்போகும் எலக்ட்ரீஷியன். முதல் ஐந்து விநாடி எழுத்திலேயே புரிய வேண்டும். மீதி அறுபது விநாடியில் ஒரு எலக்ட்ரீஷியன் மறுக்கும்படியாக ஒரு வார்த்தையும் வரக் கூடாது.

எதைச் சொல்வது என்பது டீலரின் சர்வீஸ் இன்ஜினியரோடு ஒரு நாள் சுற்றியபோது கிடைத்தது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவர் முதலில் போய் நிற்பது கம்ப்ரஸரின் கண்ட்ரோல் பேனலுக்கு முன்னால். பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தி, இரண்டு எண்களை நோட்டில் எழுதிக்கொள்வார். ஒன்று `Run Hrs`, மெஷின் மொத்தமாக ஓடிய நேரம். இன்னொன்று `Load Hrs`, அதில் உண்மையாகக் காற்று அழுத்திக் கொடுத்த நேரம். பேனலுக்குப் பேனல் பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் ஸ்க்ரூ கம்ப்ரஸர் பேனல்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும்.

இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது? டிரைவ் இல்லாத சாதாரண ஸ்க்ரூ கம்ப்ரஸரில் டேங்க் பிரஷர், செட் செய்த அளவைத் தொட்டதும் காற்று உள்ளே வரும் வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்று 'புஸ்' என்று வெளியேறும். மோட்டார் மட்டும் நிற்காது. 22 கிலோவாட் மோட்டாரை அடிக்கடி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் தாங்காது என்பதால், காற்றே கொடுக்காமல் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். இதைத்தான் அன்லோடு என்கிறார்கள். அந்த நேரத்திலும் முழு லோடில் இழுப்பதில் ஏறக்குறைய 30 சதவீதம் மின்சாரத்தை இழுக்கும். வி.எஃப்.டி. மெஷினுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். தேவை குறைந்தால் மோட்டாரே மெதுவாக ஓடும்.

ஆகவே ஓனருக்கு வேண்டிய தகவல் அவருடைய ஷெட்டிலேயே, அவருடைய பேனலிலேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட் அவரை அங்கே அனுப்பினால் போதும் என்று பட்டது. படிவம் நிரப்பு, கால்பேக் கேள் என்பதற்கெல்லாம் பதிலாக, பேனலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது. பஞ்சர் கடைக்காரரிடம் அந்தப் பேனல் கிடையாது, எனவே அவர் அனுப்ப மாட்டார். சும்மா ரேட் கேட்பவர் எழுந்து கம்ப்ரஸர் ரூமுக்கு நடக்க மாட்டார். நடந்து போய் எடுத்து அனுப்புபவரிடம் ஸ்க்ரூ கம்ப்ரஸர் இருக்கிறது, கரண்ட் பில் உறுத்துகிறது என்று அந்தப் போட்டோவே சொல்லிவிடும்.

கடைசியில் படமாக்கிய ஸ்கிரிப்ட் இது. பேசுவது சர்வீஸ் இன்ஜினியர், சீருடையில், கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றபடி.

முதல் ஷாட்: கம்ப்ரஸர் முழு லோடில் ஓடுகிறது. 'புஸ்' என்று காற்று இறங்கி, இரைச்சல் தாழ்கிறது. மோட்டார் ஃபேன் சுற்றிக்கொண்டே இருப்பது தெரிகிறது. திரையில் பெரிய எழுத்தில்: "மோட்டார் ஓடுது. காத்து வரலை."

இன்ஜினியர்: "புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டீங்களா? இதுக்கப்புறம் மோட்டார் ஓடிட்டேதான் இருக்கும். லைனுக்குக் காத்து போகாது. கரண்ட் மட்டும் போயிட்டிருக்கும்."

அடுத்த ஷாட்: பேனலுக்கு வெகு அருகில், விரல் பட்டனை அழுத்துகிறது. "உங்க மெஷின் இப்படி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு இந்தப் பேனலே எழுதி வெச்சிருக்குதுங்க. இது மொத்தம் ஓடுன நேரம். இது காத்து கொடுத்த நேரம். ரெண்டையும் கழிங்க."

திரையில்: 19,200 − 10,560 = 8,640 மணி நேரம்.

"இது நாலு வருசம் ஓடுன 30 எச்.பி. மெஷின், ரெண்டு ஷிப்டு. 8,640 மணி நேரம் காத்தே கொடுக்காம ஓடியிருக்கு. அந்த நேரத்துல மணிக்கு 8 யூனிட் இழுக்குது. யூனிட் 8 ரூபாய்னு போட்டாலும் வருசத்துக்கு 1 லட்சத்து 38 ஆயிரம்."

"இதை முழுசா மிச்சம் பண்ண முடியாதுங்க. எவ்வளவு முடியும்னு உங்க மெஷின் எண்ணைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ரெண்டு எண்ணும் தெரியற மாதிரி பேனலை ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்க. இன்னைக்கே கணக்கு போட்டு அனுப்பறேன். மெஷின் மாத்த வேண்டியதில்லைன்னா அதையும் சொல்லிடுவேன்."

கடைசி ஷாட்டில் போன் நம்பரும், பேனல் போட்டோ எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியும் மட்டும். லோகோ சீருடையில் இருப்பது போதும் என்று டீலரை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இந்த வடிவத்துக்கு வரும் முன் இரண்டு தவறுகள் செய்தேன். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் வழுக்கும் இடங்கள் என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தவறு கிளாம்ப் மீட்டர். காட்சியாக அது அழகாக வரும் என்று நினைத்தேன். கேபிளைச் சுற்றிக் கிளாம்ப் போட்டால் லோடில் 40 ஆம்பியர், அன்லோடில் 22 ஆம்பியர் என்று காட்டியது. "காற்று இல்லாமலே பாதிக்கு மேல் கரண்ட் இழுக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனேன். இன்ஜினியர் படித்துவிட்டு, "தம்பி, இதைப் போட்டா எலக்ட்ரீஷியன் முதல் நாளே நம்மளை விட்டுருவான்" என்றார். மோட்டாரில் லோடு குறையும்போது பவர் ஃபேக்டரும் விழுந்துவிடும். மோட்டார் தன் காந்தப் புலத்துக்காக இழுக்கும் ஆம்பியர் அப்படியே இருக்கும், ஆனால் அது மீட்டரில் யூனிட்டாக ஏறாது. 40 ஆம்பியருக்கு 22 ஆம்பியர் என்றால் 55 சதவீதம் போலத் தெரியும். கிலோவாட்டில் பார்த்தால் 25க்கு 8, அதாவது 32 சதவீதம்தான். ஆம்பியரைக் காட்டியிருந்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பொய் சொல்லியிருப்போம். அந்த ஷாட்டை எடுத்துவிட்டு, கிலோவாட் காட்டும் பவர் மீட்டரைப் பக்கத்தில் வைத்து அளந்த 8 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது தவறு ஒரே ஒரு சொல். முதல் வரைவில் "வருசத்துக்கு 1 லட்சத்து 38 ஆயிரம் மிச்சம்" என்று எழுதியிருந்தேன். வீணாவதும் மிச்சமாவதும் ஒன்றல்ல. அதே மெஷினை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,800 மணி நேரம் ஓடுகிறது, அதில் லோடு 2,640, அன்லோடு 2,160. லோடில் 25 கிலோவாட், அன்லோடில் 8. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் வருடத்துக்கு 83,280 யூனிட். அதே காற்றை வி.எஃப்.டி. மெஷின் கொடுக்கவும் மின்சாரம் வேண்டும். டிரைவ் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், குறைந்த வேகத்தில் ஸ்க்ரூவின் திறனும் கொஞ்சம் விழும். சராசரியாக 15 கிலோவாட் என்று வைத்தால் 72,000 யூனிட். மிச்சம் 11,280 யூனிட், ரூபாயில் சுமார் 90,000. பிரஷரை ஒரே நிலையில் பிடித்து வைப்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஒரு பார் பிரஷர் குறைத்தால் ஆறேழு சதவீதம் மிச்சமாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. ஆனாலும் 1 லட்சத்து 38 ஆயிரம் வராது. கரண்ட் பில்லை மாதாமாதம் எடுத்துப் பார்க்கும் ஓனர், ஒரே வருடத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை அசோசியேஷன் மீட்டிங்கில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். அதனால்தான் "இதை முழுசா மிச்சம் பண்ண முடியாதுங்க" என்ற வரி வந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி டீலர் இரண்டு முறை கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் தலையசைக்கப் போவது அந்த வரிக்குத்தான்.

அனுப்பியது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போடும் செய்தி, நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். வாங்கி வைத்த ஆயிரம் நம்பர்களால் இதில் பயனில்லை. எனவே ஷோரூம் நம்பரை விட்டுவிட்டு, சர்வீஸ் இன்ஜினியரின் நம்பரிலிருந்து அனுப்பினோம். ஆயில் ஃபில்டர் மாற்றவும், பெல்ட் கேட்கவும் அவர் நம்பரைத்தான் எல்லோரும் சேமித்து வைத்திருந்தார்கள்.

போட்டோக்கள் வரத் தொடங்கியதும் அடுத்த வேலை ஆரம்பித்தது. ரேட் கேட்டு மட்டும் வந்த செய்தி மிகக் குறைவு. ஆனால் வந்த போட்டோ எல்லாமே நேராகக் கணக்குப் போடக் கூடியதாக இல்லை. ஒன்றில் `Run Hrs` வெறும் 300 சொச்சம். மெஷினோ பழையது, கண்ட்ரோலரை மாற்றியபோது எண் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிட்டது. இன்னொருவர் இரண்டு கம்ப்ரஸரை ஒரே லைனில் ஓட்டுகிறார், ஒன்றின் படத்தை மட்டும் அனுப்பினார். அந்த ஒன்று ஓடிய நேரத்தில் 98 சதவீதம் லோடு, அனுப்பாத இன்னொன்றுதான் பாதி நேரம் சும்மா ஓடுகிறது. இதற்காகப் பதில் செய்தியில் இரண்டே கேள்விகள் சேர்த்தோம்: மெஷின் எந்த வருடம், லைனில் வேறு கம்ப்ரஸர் உண்டா. வீடியோவிலேயே இதைக் கேட்டிருந்தால் பாதிப் பேர் போட்டோவே எடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த முறை எடுபடாத இடமும் உண்டு. பெரிய ஸ்பின்னிங் மில்லில் எனர்ஜி பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார், இந்த எண்கள் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அவருக்கு அறுபது விநாடி வீடியோவில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லோடு 85, 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கம்பெனிக்கு வி.எஃப்.டி. விற்கவே கூடாது. முழு லோடில் டிரைவ் தின்னும் மின்சாரம் நஷ்டக் கணக்கில்தான் சேரும். அப்படிப்பட்டவர்களுக்கு "உங்களுக்கு இது வேண்டாம்" என்று இன்ஜினியர் அன்றே எழுதி அனுப்பினார்.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுப்பிய போட்டோவில் லோடு 94 சதவீதம். காற்று பத்தாமல் சாயங்காலம் ஆனால் பிரஷர் விழுகிறது, இன்னொரு மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். டீலருக்கு அது நேரடியான ஆர்டர். இன்ஜினியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்யச் சொன்னார். எல்லா சி.என்.சி.யையும் நிறுத்திவிட்டு, மெயின் வால்வைத் திறந்தே வைத்து, கம்ப்ரஸரை மட்டும் ஓட்ட வேண்டும். யாருமே காற்றை எடுக்காதபோது மெஷின் லோடு ஆகிறது என்றால் அது போவதெல்லாம் லீக். லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று போன் ஸ்டாப்வாட்ச்சில் சில சுற்றுகள் எழுதச் சொன்னார். சராசரி லோடு 50 விநாடி, அன்லோடு 90 விநாடி. 50ஐ 140ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 36 சதவீதம். கம்ப்ரஸர் கொடுக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாருக்கும் பயனில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்காகப் பராமரிக்கும் ஷெட்டில் இது 10 சதவீதத்துக்குள் இருக்கும்.

லீக் எங்கே என்று சோப்புத் தண்ணீரை வைத்துத் தேடினார்கள். பெரும்பாலும் எதிர்பார்த்த இடங்கள்தான்: பி.யு. டியூப் மாட்டும் புஷ் ஃபிட்டிங்குகள், இரண்டு ஃபில்டர் ரெகுலேட்டர் கிண்ணங்கள், கைப்பிடி தேய்ந்து எப்போதும் மெல்லச் சீறிக்கொண்டிருந்த ஏர் கன்கள். பெரியது ஒன்று டேங்கின் ஆட்டோ டிரெயின் வால்வில் இருந்தது. தண்ணீரை வெளியேற்றிவிட்டு மூட வேண்டியது, குப்பை சிக்கி அரைகுறையாகத் திறந்தே கிடந்தது. கம்ப்ரஸர் இரைச்சலில் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டதே இல்லை.

பேனலில் இருப்பது மெஷின் வாங்கிய நாள் முதலான மொத்தக் கூட்டல் என்பதால், சரிசெய்த பிறகு வந்த மாற்றம் அதில் உடனே தெரியாது. அதனால் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு போட்டோ, அடுத்த திங்கள் காலை அதே நேரத்துக்கு இன்னொன்று கேட்டோம். இரண்டுக்கும் இடையில் ஓடியது 96 மணி நேரம், அதில் லோடு 67 மணி நேரம். 94 சதவீதம் 70க்கு இறங்கியிருந்தது, சாயங்காலப் பிரஷரும் விழவில்லை. புது மெஷினை அவர் வாங்கவில்லை. லீக் பார்க்கும் வேலையை வருட ஒப்பந்தமாக டீலரிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த வீடியோவுக்கு முதல் ஷாட்டாக, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஷெட்டில் அந்த டிரெயின் வால்வு சீறும் சத்தத்தை வைத்திருக்கிறோம். அவரிடம் கேட்டு, கம்பெனிப் பெயர் தெரியாமல் எடுத்தது. திரையில் வரும் வரி: "இன்னைக்கு லீவு. கம்ப்ரஸர் யாருக்கு ஓடுது?"